மலைச்சாலையில் எந்த இடம் சரியும்? சாய்வு, சாலை வெட்டு, மழைப் பதிவு மூன்றையும் சேர்த்துக் கண்டுபிடிக்கும் முறை

மழைக்காலத்தில் மலைச்சாலைகளில் விழும் மண்சரிவுகளில் பெரும்பாலானவை ஆழமற்றவை. ஒன்றிரண்டு மீட்டர் தடிமனுள்ள மேல்மண், நனைந்து கனத்து, அடியில் உள்ள பாறையையோ இறுகிய மண்ணையோ விட்டு வழுக்கி வரும். இந்த வகைச் சரிவு எங்கே வரக்கூடும் என்பதை இலவசமாகக் கிடைக்கும் தரவுகளையும் சில நாள் கள நடையையும் வைத்தே ஓரளவு நம்பகமாகச் சொல்லிவிடலாம். அதற்கான வழிமுறைதான் இது. ஒரு சாலையை எடுத்து, 20 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அபாய நிலை கொடுப்பது நம் இலக்கு.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புதிதாக இதில் இறங்குபவர்கள் சாய்வுக்கு 40 மதிப்பெண், மழைக்கு 30, சாலைக்கு 30 என்று வைத்துக் கூட்டி ஒரு வண்ண வரைபடம் போட்டுவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பயன்படாது. சாய்வும் வெட்டும் இடத்தைப் பற்றியவை. ஆண்டு முழுக்க மாறாமல் இருப்பவை. மழையோ நாளைப் பற்றியது. இவற்றை ஒரே கூட்டலில் போட்டால், சமதளத்தில் மழை அதிகம் பெறும் சாலையோரம்கூட நடுத்தர அபாயம் என்று வந்து நிற்கும். எனவே எங்கே என்பதற்குச் சாய்வையும் வெட்டையும், எப்போது என்பதற்கு மழையையும் தனித்தனியே வைத்துக்கொண்டு கடைசியில் பொருத்துவோம். நாசாவின் உலகளாவிய நிலச்சரிவு எச்சரிக்கை முறையின் முதல் வடிவமும் இப்படித்தான் இருந்தது. சாய்வு, பாறை வகை, பிளவுகள், காடழிப்பு, சாலைகள் ஆகியவற்றைக் கொண்டு இட வரைபடம் ஒன்று. கடந்த 7 நாள் மழை அந்த இடத்துக்கு வழக்கத்தை மிஞ்சியதா என்ற சோதனை மற்றொன்று.

சாய்வு வரைபடம்

முதலில் உயரத் தரவு வேண்டும். கோப்பர்நிக்கஸ் ஜிஎல்ஓ-30 அல்லது எஸ்ஆர்டிஎம், இரண்டுமே சுமார் 30 மீட்டர் கட்டங்களில் உலகின் பெரும்பகுதிக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கிய கோப்பில் கிடைமட்ட அளவு பாகைகளில் இருக்கும், உயரம் மீட்டரில் இருக்கும். அதை அப்படியே வைத்துச் சாய்வு கணக்கிட்டால், கருவி தானாகத் திருத்திக்கொள்ளாதபோது, மலை, வயல் கிட்டத்தட்ட எல்லாமே 89 பாகை என்று வரும். ஆகவே முதல் வேலை, மீட்டர் அளவுள்ள யுடிஎம் அமைப்புக்கு மாற்றுவது. உங்கள் பகுதியின் தீர்க்கரேகையோடு 180 கூட்டி 6-ஆல் வகுத்து, தசமத்தை விட்டுவிட்டு 1 சேர்த்தால் யுடிஎம் மண்டல எண் கிடைக்கும். தீர்க்கரேகை 77 என்றால் மண்டலம் 43. கட்டளையில் EPSG குறியீடாக, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அதன் முன் 326, தெற்கே 327 சேர்த்து எழுத வேண்டும். ஜிடிஏஎல் என்ற இலவசக் கருவித்தொகுப்பில் இந்த இரண்டு கட்டளைகள் போதும்:

```
gdalwarp -t_srs EPSG:32643 -tr 30 30 -r bilinear dem.tif dem_utm.tif
gdaldem slope dem_utm.tif slope.tif
```

`-r bilinear` என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் அருகிலுள்ள கட்டத்தின் மதிப்பை அப்படியே நகலெடுக்கும்; சாய்வு வரைபடத்தில் துணியில் நெய்ததுபோல் கோடுகள் விழும். `gdaldem` தரும் சாய்வு பாகையில் இருக்கும். `-p` சேர்த்தால் சதவீதமாகிவிடும்; 100 சதவீதம் என்றால் 45 பாகைதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு தயாரித்த வரைபடங்கள் நிறைய உலவுகின்றன.

இந்த வரைபடத்தின் முதல் பயன் சல்லடை. 15 பாகைக்குக் கீழுள்ள இடங்களை ஒதுக்கிவிடலாம். ஏன் 15? ஒட்டும் தன்மையற்ற மண்ணின் உராய்வுக் கோணம் பொதுவாக 30 முதல் 35 பாகை வரை இருக்கும். காய்ந்த நிலையில் அந்தச் சாய்வு வரை அது நிற்கும். மண் முழுக்க நீர் நிறைந்து, நீர் சரிவுக்கு இணையாக ஓடும்போது, மண்ணின் எடையில் பாதிக்கு மேல் நீரழுத்தம் தாங்கிக்கொள்கிறது. உராய்வுக்கு மிஞ்சுவது பாதிக்கும் குறைவு. 33 பாகை உராய்வுக் கோணமுள்ள மண்ணுக்குக் கணக்குப் போட்டால், நனைந்த நிலையில் அது தாங்கும் சாய்வு 16 அல்லது 17 பாகைதான் வரும். களிமண்ணின் ஒட்டும் தன்மையும் மர வேர்களும் இதைவிடக் கூடுதலாகத் தாங்க வைக்கும். ஆகவே 15 என்பது பாதுகாப்பான கீழ் எல்லை. மறுமுனையில் 45 பாகைக்கு மேல் போனால் மண் தங்குவதே அரிது. அங்கே வருவது பாறை வீழ்ச்சி, அதன் கணக்கு வேறு. ஆழமற்ற மண்சரிவுகள் பெரும்பாலும் 25 முதல் 45 பாகைக்குள்தான் நடக்கின்றன.

இந்தத் தரவில் ஒரு பொறி உண்டு. ஜிஎல்ஓ-30 தருவது தரையின் உயரம் அன்று, மேற்பரப்பின் உயரம். மரங்கள் இருந்தால் அவற்றின் மேற்பகுதியையே தரையாகக் காட்டும். `gdaldem` ஒரு கட்டத்தின் சாய்வை அதைச் சுற்றியுள்ள 8 கட்டங்களை வைத்து, கிட்டத்தட்ட 60 மீட்டர் அகலத்தில் கணக்கிடுகிறது. 20 மீட்டர் உயரக் காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், தரை சமமாகவே இருந்தாலும் 18 பாகைச் சாய்வு வரைபடத்தில் முளைத்துவிடும். செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்துப் பார்த்து, செங்குத்தான பட்டைகள் காட்டின் ஓரத்தை ஒட்டியே ஓடுகின்றனவா என்று சரிபாருங்கள்.

சாலை வெட்டு வரைபடத்தில் தெரியாது

இதைவிடப் பெரிய சிக்கல் சாலை வெட்டுதான். 30 பாகைச் சரிவில் 6 மீட்டர் அகலத்துக்குச் சாலை வெட்டும்போது, சமமான தளமும் அதன் உள்பக்கம் செங்குத்தான வெட்டுமுகமும் உருவாகின்றன. இரண்டும் சேர்ந்து கிடைமட்டத்தில் 8 மீட்டருக்குள் அடங்கிவிடும். 60 மீட்டர் அகலத்தில் சராசரி எடுக்கும் கணக்கில் தளமும் முகமும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ள, வரைபடம் பழைய 30 பாகையையே காட்டும். ஆபத்து எங்கே அதிகமோ அங்கேயே தரவுக்குக் கண் தெரிவதில்லை. சாய்வு வரைபடத்தை மட்டும் வைத்து மலைச்சாலையை மதிப்பிடுவது அதனால்தான் ஏமாற்றத்தில் முடிகிறது.

ஆனால் இதே குறையைப் பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். தரவு காட்டுவது வெட்டுவதற்கு முன்பிருந்த இயற்கைச் சாய்வு என்றால், அதிலிருந்து வெட்டின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாமே! சாலைத்தளத்தின் வெட்டிய அகலம் W, இயற்கைச் சாய்வு β, வெட்டுமுகத்தின் கோணம் α என்றால், வெட்டின் உயரம் H:

```
H = W * tan(α) * tan(β) / (tan(α) - tan(β))
```

W 6 மீட்டர், α 70 பாகை என்று வைத்துக்கொண்டால், 25 பாகைச் சரிவில் வெட்டு 3.4 மீட்டர் உயரம் வரும். 30 பாகையில் 4.4, 35 பாகையில் 5.6, 40 பாகையில் 7.2 மீட்டர். சாய்வு 15 பாகை கூடியதும் வெட்டு இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. முகத்தைப் படுக்க வைத்தால் ஆபத்து குறையும் என்று தோன்றும், ஆனால் செங்குத்தான சரிவில் அது எளிதன்று. 45 பாகைச் சரிவில் முகத்தை 60 பாகைக்குப் படுக்க வைத்தால் வெட்டு 14 மீட்டர் வரை ஏறிப்போகும்.

சாலை பாதி வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டிப் பாதி நிரப்பிப் போடப்பட்டிருந்தால், W-க்கு வெட்டிய பாதியை மட்டும் எடுக்க வேண்டும். வெட்டின் உயரமும் பாதியாகும். அப்போது ஆபத்தில் ஒரு பகுதி கீழ்ப்பக்கம் கொட்டிய மண்ணுக்குப் போய்விடுகிறது. அதைக் களத்தில்தான் பிடிக்க முடியும்.

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இதைச் செய்வது இப்படி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சாலைக்கோட்டை எடுத்து, அதே யுடிஎம் அமைப்புக்கு மாற்றுங்கள். செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு, கோடு சாலையின் மீதே ஓடுகிறதா என்று முழு நீளமும் பார்த்துத் திருத்துங்கள். பிறகு `Points along geometry` கருவியில் இடைவெளி 20 கொடுத்தால் புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளியிலும் சாலையின் திசை `angle` என்ற நெடுவரிசையில் இருக்கும். அந்தத் திசைக்குச் செங்குத்தாக வலப்பக்கம் 40 மீட்டர் தள்ளி உள்ள உயரத்தைப் புலக் கணிப்பானில் இப்படி எடுக்கலாம்:

```
raster_value('dem_utm', 1, project($geometry, 40, radians("angle" + 90)))
```

`+ 90` என்பதை `- 90` ஆக்கினால் இடப்பக்க உயரம். இரண்டையும் `zr`, `zl` என்ற நெடுவரிசைகளில் வைத்துக்கொள்ளுங்கள். எது அதிகமோ அது மேட்டுப் பக்கம். இயற்கைச் சாய்வு:

```
degrees(atan(abs("zr" - "zl") / 80))
```

இங்கே `slope.tif`-ஐ விட்டுக் குறுக்குவெட்டுக் கணக்கை ஏன் எடுக்கிறோம் என்றால், சாலை சரிவின் குறுக்கே போகிறதா, சரிவின் வழியே ஏறுகிறதா என்பது வெட்டின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. 35 பாகைச் சரிவிலும் சாலை முகட்டுக் கோட்டின் மீதே ஓடினால் வெட்டு ஏறக்குறைய இருக்காது. அப்படிப்பட்ட இடங்களில் இரு பக்க உயரங்களும் சாலையைவிடத் தாழ்வாக இருக்கும். இரண்டும் சாலையைவிட உயரமாக இருந்தால் நீங்கள் ஓர் ஓடையைக் கடக்கிறீர்கள். அந்தப் புள்ளிகளைத் தனியே குறித்து வையுங்கள், சிறுபாலங்கள் அங்கேதான் இருக்கும்.

கொண்டை ஊசி வளைவுகளிலும் கவனம் தேவை. 40 மீட்டர் தள்ளினால் சில இடங்களில் புள்ளி அதே சாலையின் மேல் அடுக்கில் போய் நிற்கும். அதற்காகக் கணக்கைத் தூக்கி எறிய வேண்டாம், அந்த இடத்தைச் சிவப்பில் குறியுங்கள். மேல் அடுக்கில் கொட்டிய மண் கீழ் அடுக்கின் வெட்டுமுகத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். அடிவாரமும் வெட்டப்பட்டு, தலையிலும் பாரம் ஏற்றப்பட்ட சரிவு அது.

களத்தில் பார்க்க வேண்டியவை

கணக்கிட்ட H சரியா என்று முதலில் பத்துப் பதினைந்து இடங்களில் அளந்து பாருங்கள். ஒரு நீண்ட அளவுகோலும் சாய்வுமானியும் போதும்; கைபேசியின் சாய்வுமானிச் செயலியே ஓரிரு பாகைக்குள் சரியாகக் காட்டும். α-வையும் அங்கேயே அளந்து, 70 என்ற ஊகத்துக்குப் பதில் உண்மைச் சராசரியைப் போடுங்கள். அளந்ததும் கணக்கிட்டதும் ஒரு மீட்டருக்குள் ஒத்துப்போனால் நல்லது. கணக்கு தொடர்ந்து அதிகமாக வந்தால், சாலை பாதி நிரப்பிப் போடப்பட்டது என்று பொருள் கொள்ளலாம்.

அடுத்து நீர். வெட்டுமுகத்தில் மழை நின்று இரண்டு மூன்று நாளான பிறகும் ஈரம் கசியும் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். மண்ணும் பாறையும் சேரும் எல்லையில் அந்தக் கோடு இருந்தால், நீர் ஓடும் தளமும் வழுக்கும் தளமும் ஒன்றே. வறண்ட காலத்தில் போனாலும் அங்கே பாசியோ, மற்ற இடத்தைவிடப் பச்சையாக நிற்கும் புல்லோ காட்டிக்கொடுக்கும். உள்பக்க வடிகாலில் மண் நிரம்பியிருந்தால் அதில் ஓட வேண்டிய நீர் சாலையைக் கடந்து கீழ்ப்பக்க நிரப்பு மண்ணில் இறங்கும். சிறுபாலத்தின் வாயைவிட அதன் வெளியேறும் பக்கத்தைக் கட்டாயம் இறங்கிப் பாருங்கள். பல ஓடைகளின் நீரை ஒன்றாகத் திரட்டி வந்து, பாதுகாப்பற்ற சரிவில் ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே பள்ளம் அரித்திருக்கும். அந்தப் பள்ளத்தின் தலை சாலையை நோக்கி ஏறி வந்துகொண்டிருக்கும்.

வெட்டுக்கு மேலே ஏறிப் பார்க்காமல் திரும்பாதீர்கள். வெட்டின் விளிம்பிலிருந்து உள்ளே, வெட்டின் உயரத்தைப் போல ஒன்றிரண்டு மடங்கு தூரத்துக்குள், விளிம்புக்கு இணையாக வளைந்து ஓடும் விரிசல் இருந்தால் சரிவு ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டது. அந்த இடத்துக்கு வேறு மதிப்பெண் எதுவும் தேவையில்லை. சாய்ந்து, பிறகு நுனி மட்டும் நிமிர்ந்து வளர்ந்த மரங்கள் மெதுவான நகர்வின் அடையாளம். ஆனால் ஒற்றை மரத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. வெளிச்சத்தைத் தேடியும் மரம் சாயும்.

பாறை முகமாக இருந்தால் அடுக்குகளும் விரிசல்களும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். அவை சாலையை நோக்கிச் சாய்ந்து, அந்தச் சாய்வு முகத்தைவிடக் குறைவாகவும் 30 பாகையைவிட அதிகமாகவும் இருந்தால் பாளம் பாளமாக வழுக்க வழி திறந்திருக்கிறது. மலைக்குள் சாயும் அடுக்கில் இந்த வகை வழுக்கல் வராது. சாலையின் ஒரு பக்கத்தில் அடிக்கடி சரிவும், பள்ளத்தாக்குக்கு எதிரேயுள்ள சாலையில் அதே உயர வெட்டில் அமைதியும் நிலவுவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

பழைய சரிவுகளின் பட்டியல்

முறை வேலை செய்கிறதா என்று சொல்லக்கூடியது பழைய சரிவுகள் மட்டுமே. சாலைப் பராமரிப்புப் பதிவுகள், நாளிதழ்ச் செய்திகள், பல ஆண்டுச் செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு சரிவுக்கும் இடமும் தேதியும் திரட்டுங்கள். புள்ளியை மண் வந்து குவிந்த இடத்தில் வைக்காமல், சரிவு தொடங்கிய தழும்பின் உச்சிக்கு நேரான சாலைப் புள்ளியோடு இணையுங்கள். ஓடை வழியே நூறு மீட்டர் இறங்கி வந்த மண்ணுக்கு அது குவிந்த இடத்தின் வெட்டைப் பொறுப்பாக்கினால் கணக்கே திரிந்துவிடும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். சாலையை மறித்த சரிவு பதிவேட்டில் ஏறும்; காட்டுக்குள் விழுந்தது ஏறாது. எனவே சாலைக்கு அருகே சரிவு பல மடங்கு அதிகம் என்று இந்தப் பட்டியலை வைத்துச் சொல்வது சரியாகாது. சாலைக்குள்ளேயே ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிடுவதற்கு இந்தக் குறை பெரிதாகத் தடையில்லை. நாம் செய்வதும் அந்த ஒப்பீடுதான்.

ஒரு சாலைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விளக்கத்துக்காக 12 கிலோமீட்டர் சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 மீட்டருக்கு ஒன்றாக 600 புள்ளிகள். முதல் 15 ஆண்டுப் பதிவில் 40 சரிவுகள் என்று வைப்போம். புள்ளிகளை H-இன்படி நான்கு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலும் சரிவுகளின் பங்கைச் சாலை நீளத்தின் பங்கால் வகுக்கிறோம். 1-க்கு மேல் வந்தால் அந்த வகுப்பில் சராசரியைவிட அதிகச் சரிவு.

| வெட்டின் உயரம் | புள்ளிகள் | சரிவுகள் | விகிதம் |
|---|---|---|---|
| 2 மீட்டருக்குள் | 240 (40%) | 3 (7.5%) | 0.19 |
| 2 முதல் 4 | 210 (35%) | 11 (27.5%) | 0.79 |
| 4 முதல் 6 | 108 (18%) | 16 (40%) | 2.22 |
| 6-க்கு மேல் | 42 (7%) | 10 (25%) | 3.57 |

விகிதம் வகுப்புக்கு வகுப்பு ஏறிக்கொண்டே போகிறது. கடைசி இரு வகுப்புகளும் சேர்ந்து நீளத்தில் கால் பங்கு, சரிவுகளில் 65 சதவீதம். விகிதம் இப்படிப் படிப்படியாக ஏறாமல் ஏறியிறங்கித் தள்ளாடினால், பெரும்பாலும் சாலைக்கோடு இடம் மாறியிருக்கும், அல்லது தடுப்புச் சுவர் கட்டிய பகுதிகள் கலந்திருக்கும். சுவர் உள்ள புள்ளிகளைத் தனி வகுப்பாக எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இதே 40 சரிவுகளை வைத்தே முறை சரியென்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அடுத்த 5 ஆண்டுகளில் விழுந்த 12 சரிவுகளை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்திருந்து, இப்போது எடுத்துப் பார்க்கிறோம். அவற்றில் 9 கடைசி இரு வகுப்புகளில் விழுந்திருந்தால் முறை நிற்கிறது. எஞ்சிய மூன்றுதான் சுவையானவை, ஒவ்வொன்றையும் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு சிறுபாலம் வெளியேறும் பக்கத்து நிரப்பு மண்ணில், ஒன்று சாலையை நோக்கிச் சாய்ந்த அடுக்கில் என்று தெரிந்தால், H-க்குப் புலப்படாத அந்த இரு அடையாளங்களுக்கும் ஒரு விதி சேர்க்கிறோம்: சிறுபாலத்தின் கீழ் அரிப்போ, சாலையை நோக்கிய அடுக்கோ, மேலே விரிசலோ இருந்தால் அந்தப் புள்ளி H எதுவானாலும் உயர் அபாயம். கூட்டலில் கரைந்துபோகாமல் இருக்க இதை மதிப்பெண்ணாக வைக்காமல் விதியாகவே வைப்பது நல்லது.

மழைப் பதிவு

இடங்கள் கிடைத்துவிட்டன. எப்போது என்பதற்கு அந்தச் சாலைக்கு அருகிலுள்ள மழைமானியின் தினசரிப் பதிவு வேண்டும். மழைமானி இல்லையென்றால் சிர்ப்ஸ் என்ற செயற்கைக்கோள் சார்ந்த மழைத் தரவு 1981 முதல் கிடைக்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் சுமார் 5 கிலோமீட்டர் அகலம். நம் 12 கிலோமீட்டர்ச் சாலை முழுவதும் மூன்று நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் உள்ள வேறுபாட்டை அது சொல்லவே முடியாது. மழையை இட வரைபடத்தில் சேர்க்க வேண்டாம் என்றதற்கு இது இன்னொரு காரணம்.

பதிவைத் திறந்ததும் இரண்டைச் சரிபாருங்கள். காலியாக விடப்பட்ட நாள்கள் பூஜ்யமாக மாறியிருக்கின்றனவா? பெருமழை நாளில் மானியைப் போய்ப் பார்க்க ஆளே போக முடியாமல் இருந்திருக்கலாம். நமக்கு வேண்டிய நாளே அப்படிக் காணாமல் போகும். அடுத்தது தேதி. மானியைக் காலையில் படித்து, முந்தைய 24 மணி நேர மழையைப் படித்த நாளின் தேதியில் எழுதுவது பல இடங்களில் வழக்கம். 5-ஆம் தேதி இரவு கொட்டிய மழை 6-ஆம் தேதிக் கணக்கில் இருக்கும், சரிவோ செய்தியில் 5-ஆம் தேதி என்று வரும். இதைக் கவனிக்காவிட்டால் மழையே இல்லாத நாளில் சரிவு விழுந்ததுபோல் தெரியும்.

சரிவு விழுந்த ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு எண்கள் எடுங்கள்: அன்றைய மழை, அதற்கு முந்தைய 15 நாள்களின் மொத்த மழை. முதலாவது தூண்டும் மழை. இரண்டாவது மண் ஏற்கெனவே எவ்வளவு நனைந்திருந்தது என்பதற்கான அளவு. அன்றைய மழையைச் செங்குத்து அச்சிலும் 15 நாள் மழையைக் கிடை அச்சிலும் வைத்து எல்லா மழை நாள்களையும் புள்ளியிட்டு, சரிவு நாள்களுக்கு வேறு நிறம் கொடுங்கள். சரிவு நாள்கள் மேல் வலப்பக்கம் கூடும். அவற்றின் கீழ் ஓரத்தை ஒட்டி, வலப்பக்கம் இறங்கும் கோடு ஒன்றை வரைய வேண்டும்.

நம் சாலையில் கோட்டுக்கு அருகே விழுந்த மூன்று சரிவு நாள்கள் இவை என்று கொள்வோம்: 30 மி.மீ. முன்மழைக்குப் பின் 105 மி.மீ., 120-க்குப் பின் 90, 240-க்குப் பின் 65. அன்றைய மழையோடு முன்மழையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் முறையே 111, 114, 113 வருகிறது. எனவே அன்றைய மழையை P1, முந்தைய 15 நாள் மழையை P15 என்று குறித்தால் நம் வரம்பு:

```
P1 + 0.2 * P15 >= 110
```

காய்ந்த மண்ணில் ஒரே நாளில் 110 மி.மீ. வேண்டும். முந்தைய இரு வாரத்தில் 300 மி.மீ. பெய்திருந்தால் 50 மி.மீ. போதும். கோட்டை எங்கே வைப்பது என்பதில் விலை கொடுக்காமல் முடியாது. 20 ஆண்டில் 31 நாள்கள் இதைத் தாண்டி, அவற்றில் 14 நாள்களில்தான் சரிவு என்றால், 17 வீண் எச்சரிக்கைகள். கோட்டை உயர்த்தினால் வீண் எச்சரிக்கை குறையும், சில சரிவு நாள்கள் தப்பிப் போகும். சாலையை மூடுவதற்கான வரம்பு, ஆள்களை நிறுத்திக் கண்காணிப்பதற்கான வரம்பு என்று இரண்டு கோடுகள் வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

சரிவுத் தேதிகள் ஏழெட்டுக்கும் குறைவாகக் கிடைத்தால் சொந்தக் கோடு வரைய வேண்டாம். நில உருவவியல் ஆய்வாளர் கெய்ன் 1980-இல் உலகெங்கும் திரட்டிய நிகழ்வுகளிலிருந்து தந்த கீழ் வரம்பு `I = 14.82 * D^-0.39`. இதில் D மழை நீடித்த மணி நேரம், I மணிக்கு எத்தனை மி.மீ. என்பது. 6 மணி நேரத்துக்கு மொத்தம் சுமார் 44 மி.மீ., 24 மணி நேரத்துக்கு 103 மி.மீ. வருகிறது. தொடக்கத்துக்கு இதைக் கைக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுக்குப் பல ஆயிரம் மி.மீ. பெறும் சரிவுகள் அந்த மழைக்குப் பழகியவை, அங்கே இது வாரம் ஒருமுறை எச்சரித்துக்கொண்டிருக்கும்.

பொருத்துவதும் அதன் எல்லையும்

கடைசியில் கையில் இருப்பது, உயர் அபாயப் புள்ளிகளின் பட்டியல் ஒன்றும் மழை வரம்பு ஒன்றும். வரம்பைத் தொடும் நாளில் 12 கிலோமீட்டர் முழுவதையும் சுற்றி வர வேண்டியதில்லை. முதலில் விரிசல் உள்ள புள்ளிகள், அடுத்து 6 மீட்டருக்கு மேற்பட்ட வெட்டுகள், பிறகு அரித்த சிறுபாலங்கள் என்ற வரிசையில் போகலாம். வறண்ட மாதங்களில் இதே பட்டியல் வடிகால் தூர்வார வேண்டிய இடங்களின் பட்டியலாகிவிடும்.

இந்த முறை பல மீட்டர் ஆழத்தில் மெதுவாக நகரும் பெரிய சரிவுகளைக் கண்டுபிடிக்காது. அவை மென்மையான சாய்விலும் வரும், ஒரு நாள் மழையைவிட மாதக்கணக்கில் ஏறும் நிலத்தடி நீருக்கே அவை அசையும். சரிவு தொடங்கும் இடத்தை இது சொல்லும், மண் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைச் சொல்லாது. ஆகவே உயர் அபாயப் புள்ளிக்குக் கீழே ஓடை வாயில் வீடுகள் இருந்தால், வீடு நிற்கும் இடத்தின் சாய்வு 5 பாகைதான் என்பதால் அதை ஒதுக்கிவிடக் கூடாது. முதல் சல்லடையில் விழுந்துவிட்ட இடங்களில் இதை மட்டுமாவது கையால் திரும்பச் சேர்க்க வேண்டும்.

சாலையை அகலப்படுத்தினால் வரைபடமும் காலாவதியாகிவிடும். 30 பாகைச் சரிவில் வெட்டிய அகலம் 6 மீட்டரிலிருந்து 10 ஆனால், வெட்டு 4.4 மீட்டரிலிருந்து 7.3 ஆகிறது, 4 முதல் 6 வகுப்பில் இருந்த புள்ளி ஒரே நாளில் கடைசி வகுப்புக்குப் போய்விடுகிறது. பழைய வெட்டுக்கு வரைந்த மழை வரம்பும் அதற்குப் பொருந்தாது. W-ஐ மாற்றி H-ஐ மறுபடி கணக்கிட்டு, புதிய வெட்டில் விழும் சரிவுகளின் தேதிகளைத் தனிப் பட்டியலாகச் சேர்க்கத் தொடங்குங்கள். அந்தப் பட்டியல் நிறையும் வரை, வரம்பைப் பழையதைவிடத் தாழ்த்தியே வைத்திருங்கள்.